மெர்சி எடுத்த பாரா

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, இரண்டு டீக்கடைகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது அந்த ஜெராக்ஸ் கடை. முதலாளி எழிலரசன். போர்டிலும் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் சுற்று வட்டாரத்து இன்ஜினியரிங் பிள்ளைகளிடம் கேட்டால் மெர்சி அக்கா கடை என்றுதான் சொல்வார்கள். எழிலரசனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் கூட்டம் அவளுக்காகத்தான் வருகிறது என்பது தெரிந்ததால் வருத்தத்தை டீயோடு சேர்த்துக் குடித்துவிடுவார்.

மெர்சிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டைப் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது, ஸ்பைரல் போடுவது எல்லாக் கடையிலும் நடக்கிற வேலை. இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. கல்லூரிக்குக் கொடுக்கப் போகும் இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டைக் கொடுத்தால் ஒரு முறை கண்ணை ஓட்டிப் பார்த்து, கல்லூரிக்காரர்கள் குறை சொல்கிற இடங்களைச் சரி செய்து தருவாள். குறை சொல்கிற இடங்கள் என்னவோ வருஷா வருஷம் அதே மூன்றுதான். இங்கிலீஷில் எழுதுகிற ரிப்போர்ட்டில் 'ஐ', 'மை', 'வீ' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. நான் சோதித்தேன் என்பது போய்ச் சோதிக்கப்பட்டது என்று வரவேண்டும். தலைப்புகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி எண்ணிட்டு இருக்க வேண்டும். எழுதினதையே திரும்ப ஒட்டிப் பக்கத்தை நிரப்பியிருக்கக் கூடாது. பிள்ளைகள் இந்த மூன்றையும் தவறாமல் செய்வார்கள். மெர்சி மூன்றையும் தவறாமல் பிடிப்பாள்.

"மெர்சி அக்கா கண்ணுல ஒரு கமா கூட தப்பாது" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்றால் சாதாரணமாக அல்ல. அந்த ஒரு பேச்சுக்காகவே சாப்பாட்டு நேரத்தில் கூட ரிப்போர்ட் பார்ப்பாள். அதற்குக் காரணம் இருந்தது.

கடைக்கு வருமுன் அவள் ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தாள். இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். வயர்களின் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் கனெக்டர் தன் குழிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தாலும் சிவப்புக் கூடையில் போட வேண்டும். எட்டு வருஷம் அதைத்தான் பார்த்தாள். நல்ல பேர். பிறகு இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றினார்கள். மத்தியானம் போய் இரவில் கம்பெனி பஸ்ஸில் திரும்புகிற ஷிப்ட். அதற்குப் பிறகுதான் அவள் பார்த்து விட்ட பீஸ்கள் அடுத்த டேபிளிலிருந்து திரும்பி வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு தினமும். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. "கண்ணு போயிடுச்சு மெர்சி, இன்னா பண்றது" என்று அனுதாபமாகத்தான் சொன்னார். காண்ட்ராக்ட் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் கண் டாக்டர் எல்லா எழுத்தையும் படிக்கச் சொல்லிவிட்டு, கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். மெர்சி நம்பவில்லை. டாக்டருக்குத் தெரியாத என்னவோ சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்கிறது என்றே நினைத்தாள். கணவன் தாவீது, "டாக்டரே சொல்லிட்டாரு, விடேன்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். விடவில்லை. மனசுக்குள் அது முள்ளாகவே கிடந்தது. அதனால்தான் கமா கூடத் தப்பாது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு முழுவதும் அவள் நடையே மாறிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததுமே தென்றல் வந்து நின்றாள். மணிமங்கலத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். சட்டென்று பேச வராத பெண். பேசத் தொடங்கினால் கையைப் பிசைந்துகொண்டே பேசும்.

"அக்கா, இன்னைக்கு நாலு மணிக்குள்ள சப்மிட் பண்ணணும். நேத்துதான் முடிச்சேன். ரொம்ப கன்னாபின்னான்னு கீது. கொஞ்சம் பாத்துக் குடுங்கக்கா."

"கன்னாபின்னான்னு எழுதாதவ யாரு, குடு" என்று பென் டிரைவை வாங்கினாள் மெர்சி. "நீ உக்காரு, கூட இருந்து பாரு."

"முடியாதுக்கா. சர்டிபிகேட்டுல கம்பெனி சீல் இன்னும் வாங்கல. எச்.ஆர். மேடம் காலைல மட்டும்தான் இருப்பாங்க. ஒரகடம் போயிட்டு வந்துடறேன்." போகக் கிளம்பியவள் நின்றாள். "அக்கா, இந்த ரிப்போர்ட்டு ஒத்துக்கலன்னா எனக்கு அரியர் ஆயிடும். அரியர் இருந்தா அந்தக் கம்பெனியில வேலை குடுக்க மாட்டாங்க. ஜூன்ல ஜாயின் பண்ணச் சொல்லிட்டாங்க. வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நான் பாத்த ரிப்போர்ட்டு இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல, உன்னோடதும் வராது. போயிட்டு வா" என்றாள் மெர்சி. இந்த வாக்கை அவள் எல்லோருக்கும் கொடுப்பதுண்டு. வழக்கமாக அதில் ஆபத்து இருந்ததில்லை.

ரிப்போர்ட்டைத் திறந்தாள். முகப்பில் அவள் வேலை பார்த்த அதே ஒரகடம் கம்பெனியின் பேர் இருந்தது; பார்க்காததுபோல் பக்கத்தைத் தள்ளினாள். உறுதிமொழி, நன்றியுரை இரண்டையும் தொடவில்லை. அவற்றில் 'ஐ' இருந்தே ஆகவேண்டும். இது என் சொந்த வேலை என்றும், இவர்களுக்கு நன்றி என்றும் மாணவர் தன் வாயால் சொல்கிற இடங்கள் அவை. புதுசாகக் கடை போட்ட சிலர் கம்ப்யூட்டரிடம் எல்லா 'ஐ'யையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லிவிட்டு, உறுதிமொழியையே அனாதையாக்கிக் கொடுத்த கதைகள் அவளுக்குத் தெரியும். அவள் ஒவ்வொன்றாகத் தேடி, வாக்கியத்தைப் பார்த்துத்தான் மாற்றுவாள். முதல் அத்தியாயத்தில் 'எங்கள் நிறுவனம்', 'எங்கள் வாடிக்கையாளர்' என்று வந்தது. கம்பெனி இணையதளத்திலிருந்து அப்படியே தூக்கி ஒட்டியது. தென்றல் எப்போது கம்பெனி முதலாளி ஆனாள் என்று சிரித்துக்கொண்டே அதைத் திருத்தினாள்.

தலைப்புகள் சந்தைக்கடையாக இருந்தன. ஒரு அத்தியாயம் முழுப் பெரிய எழுத்தில் நடுவில் நின்றது. அடுத்தது சின்ன எழுத்தில் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. ஓரிடத்தில் எண்ணுக்குப் பின்னால் புள்ளி, இன்னோரிடத்தில் கோடு. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டைல் கொடுத்தாள். பொருளடக்கத்தைக் கடைசியில் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள்.

பிறகு ரிபீட் பாராக்கள். கம்பெனி வரலாறு முதல் அத்தியாயத்திலும் இரண்டாம் அத்தியாயத்திலும் எழுத்து மாறாமல் வந்தது. ஒன்றை எடுத்தாள். பாதுகாப்பு விதிகள் இரண்டு முறை வந்தன. ஒன்றை எடுத்தாள். நான்காம் அத்தியாயத்தில் 4.2 என்ற தலைப்பு, இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் கண்டவை என்று. அதன் கீழே கனெக்டரை அழுத்தினால் கிளிக் என்று சத்தம் வரவேண்டும், பிறகு அது முழுதாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்று விளக்கம். பக்கத்தைத் தள்ளினால் மறுபடியும் அதே 4.2, அதே தலைப்பு, கீழே அதே கிளிக், அதே வரிகள். மெர்சி மேலே நாலு வரியைப் பார்த்தாள். அடியோடு தேர்ந்தெடுத்தாள். எடுத்தாள்.

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார்ந்தவர்களின் கை அப்படித்தான். ஒரு குழியில் இரண்டு பீஸ் சிக்கியிருந்தால் இரண்டாவது எப்படி இருக்கிறது என்று யாரும் ஆராய்வதில்லை. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு என்றால் ஒன்று தப்பு. எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள்.

தென்றல் சீல் வைத்த தாள்களைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி ஓடிவந்தபோது மூன்று பிரதியும் பிரிண்ட் ஆகி அடுக்கியிருந்தன. சீல் வைத்த சர்டிபிகேட்டை முன்னால் செருகி, ஓரத்தில் துளை போட்டு, கருப்பு ஸ்பைரலைச் சுற்றி முனையை மடக்கினாள் மெர்சி.

"ஒருவாட்டி பாத்துக்கோ பாப்பா."

"நீங்க பாத்தா போதும்க்கா. பஸ் நிக்குது." அவள் போயே விட்டாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கூட்டம் அடங்கியது. பிரிண்டரில் மை ஈஷி வீணான ஒரு தாளை மெர்சி எடுத்து வைத்திருந்தாள். டீ கிளாஸை வைக்க அதை மேசையில் விரித்தபோது கண் தானாக அதில் ஓடியது. தென்றல் ரிப்போர்ட்டின் முடிவுரைப் பக்கம். முதல் ஷிப்டில் கண்டதற்கும் இரண்டாம் ஷிப்டில் கண்டதற்கும் இருக்கிற வித்தியாசத்திலிருந்து இந்த யோசனை முன்வைக்கப்படுகிறது என்று தொடங்கியது அது.

இரண்டாம் ஷிப்டா? ரிப்போர்ட்டில் இரண்டாம் ஷிப்ட் எங்கே வந்தது?

டீ ஆறிப்போனது. மெர்சி கம்ப்யூட்டரில் தென்றல் கொடுத்த பழைய ஃபைலைத் திறந்து நான்காம் அத்தியாயத்துக்குப் போனாள். முதல் 4.2. இரண்டாவது 4.2. மேலே நாலு வரி அப்படியே அச்சு மாறாமல் இருந்தது. ஐந்தாவது வரியில் 'இரண்டாம் ஷிப்டில்' என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் நிறைய இருந்தது. முதல் ஷிப்டைப் பற்றி எழுதியதை நகல் எடுத்து ஒட்டி, கீழே மட்டும் மாற்றி எழுதியிருக்கிறது அந்தப் பெண். தலைப்பை மாற்ற மறந்துவிட்டது.

தென்றல் எண்ணுக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். கல்லூரிக்குள் போனால் போனை அணைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. மறுபடி அடித்தாள். அதே குரல்.

எழிலரசனிடம் சொன்னாள். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"ஒரு பாராவா? யாரு படிக்கப் போறாங்க மெர்சி? சாரு ஓரம் சரியா கீதான்னு பாப்பாரு, தலைப்பு பாப்பாரு, கையெழுத்துப் போடுவாரு. அப்பறம் அது ரெக்கார்டு ரூம்ல தூங்கும். நீ இன்னாத்துக்கு பதறிகினு கீற?"

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பெண் தானே சேமிக்க மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொள்ளும். மெர்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு நொடி கூட உட்கார முடியவில்லை. முடிவுரை முழுக்க அந்தப் பாராவின் மேல் நிற்கிறது. அதை எடுத்துவிட்ட பிறகு மேலே கட்டடம் மட்டும் மிதக்கிறது. படிக்கிற வாத்தியாராக இருந்துவிட்டால், எவனிடமோ முடிவுரையைத் திருடி ஒட்டியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார். ஜூன் மாதம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறது.

பாராவைப் பழைய இடத்தில் ஒட்டினாள். தலைப்பை 4.3 ஆக்கி, பின்னால் வந்தவற்றின் எண்களைத் தள்ளினாள். இருந்த பதற்றத்தில் அதைப் படிக்கத் தோன்றவே இல்லை. இடம் கொள்ளுமா என்பது மட்டும்தான் கவலை. நல்லவேளை, நான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் பாதி காலியாக இருந்ததால் வரிகள் அதற்குள் அடங்கின. ஐந்தாம் அத்தியாயம் அதே பக்க எண்ணில் நின்றது. நான்காம் அத்தியாயத்தையும் பொருளடக்கத்தையும் மட்டும் மூன்று பிரதி எடுத்தாள். ஸ்பைரல் என்பதால் கழற்றிப் பக்கம் மாற்றலாம். பசை பைண்டிங்காக இருந்திருந்தால் கம்பெனி சீலோடு சேர்த்துக் குப்பைக்குத்தான் போயிருக்கும். தாள்களை ஃபைலில் வைத்து, மடக்கிய முனையைப் பிரிக்கிற கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கடைய பாத்துக்கோங்கண்ணே. நான் காலேஜ் போயிட்டு வரேன்."

"போய் இன்னா சொல்லுவ?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் இடுக்கி உட்கார்ந்து போகும்போது யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம் கூடியது. மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். மெர்சி ஃபைலை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கர்த்தரே, கர்த்தரே என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

கல்லூரி வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்துப் பிளேயரை வெளியே எடுத்தார்.

"இத எடுத்துகினு உள்ள இன்னா பண்ணப் போற?"

"ரிப்போர்ட்டு பிரிக்கணும்ண்ணா. ஒரு பொண்ணோட வாழ்க்கை."

காவலாளி பிளேயரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, திரும்பக் கொடுத்துவிட்டார்.

டிபார்ட்மெண்ட் மாடியில் இருந்தது. அறிவிப்புப் பலகையைக் கடக்கும்போது கண்ணில் பட்டது ஒரு தாள். வெளிக் கடைகளில் எழுதி வாங்கிய ரிப்போர்ட்டுகள் ஏற்கப்படமாட்டா, கண்டுபிடிக்கப்பட்டால் மாணவர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று. மெர்சியின் கால் அப்படியே நின்றது. இப்போது உள்ளே போய் நான் கடைக்காரி, நான்தான் கைவைத்தேன் என்று சொன்னால், பாரா போன குற்றம் ஒரு பக்கம் இருக்க, ரிப்போர்ட்டையே கடையில் எழுதி வாங்கினாள் என்று அந்தப் பெண் தலையில் விடியும். உதவி செய்ய வந்து குழி தோண்டியது போல ஆகும். திரும்பிப் போய்விடலாமா என்று உண்மையாகவே நினைத்தாள். படியை நோக்கித் திரும்பக்கூட செய்தாள்.

அப்போதுதான் வராந்தா முனையில் தென்றலைப் பார்த்தாள். மூன்று பிரதியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தது. அழுது முடித்த முகம்.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"இன்னா ஆச்சு பாப்பா?"

"சார் முடிவுரைய படிச்சாரு. ரெண்டாம் ஷிப்ட் எங்கன்னு கேட்டாரு. நான் பக்கத்த புரட்டிப் புரட்டிப் பாக்குறேன், இல்லவே இல்லக்கா. முடிவுரைய வேற எவன் ரிப்போர்ட்லருந்தோ எடுத்துட்டேன்னு நெனச்சுட்டாரு. அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம், போன்னு சொல்லிட்டாரு. நான் எழுதுனேன்க்கா. சேவ் பண்ணாம விட்டுட்டேன் போலக்கீது."

மெர்சியின் மேல் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

"சேவ் எல்லாம் பண்ணிதான் இருந்த. வா உள்ள."

ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக் கையெழுத்திடுகிற திருமலை சார் நாற்பது கடந்தவர். மேசை முழுக்க ஸ்பைரல் போட்ட ரிப்போர்ட்டுகள் அடுக்கியிருந்தன. நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா நீங்க?"

"சுங்குவார்சத்திரத்துல ஜெராக்ஸ் கடை சார். இந்தப் பொண்ணோட ரிப்போர்ட்டுல ஒரு பாரா… எடுபட்டுப் போச்சு சார்."

"எடுபட்டுப் போச்சுன்னா? தானா எழுந்து போச்சா?"

மெர்சி பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் எடுத்தேன் சார்."

தென்றல் திரும்பி அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையை மெர்சியால் பார்க்க முடியவில்லை.

"கடைல எடுத்தாங்களா? அப்ப எழுதினதும் கடைலதானா?" சார் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "போர்டுல போட்டிருக்கோமே, படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். நான் எழுதல. 'ஐ' வந்த எடத்த மாத்தினேன். தலைப்பெல்லாம் ஒரே மாதிரி பண்ணேன். ரெண்டு தடவ வந்தத எடுத்தேன். அவ்ளோதான்."

"அதை நான் எப்படிம்மா நம்புறது? உங்க தொழில் இது. நாளைக்கு நீங்க வேற ஒரு பிள்ளைக்கும் வந்து இதையே சொல்வீங்க." அவள் கொண்டுவந்த ஃபைலை வாங்கினார். 4.3 என்று இருந்த தாளை எடுத்து, எழுத்து தெரியாமல் கவிழ்த்து வைத்தார். "சரி. இந்தப் பாராவுல என்ன எழுதியிருக்கு? சொல்லுங்க பாக்கலாம்."

மெர்சி கவிழ்ந்து கிடந்த தாளைப் பார்த்தாள். காலையில் படிக்கவில்லை. எடுத்தது தப்பு என்று தெரிந்த பிறகும் படிக்கவில்லை. வெட்டி ஒட்டி, பக்கம் பார்த்து, ஓடி வந்திருக்கிறாள். கமா கூடத் தப்பாது என்ற அத்தனை வருஷத்துப் பேரும் அந்த அறையில் காலடியில் விழுந்தது போல இருந்தது.

"தெரியாது சார்" என்றாள். "மேல நாலு வரி மட்டும் பாத்தேன். அப்படியே இருந்துச்சு, எடுத்துட்டேன். கீழ படிக்கல. இப்ப ஒட்டும்போதும் படிக்கல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் எழுதியிருந்தா எத எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

சார் தென்றல் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. எழுதினத ஒப்பிக்க வேணாம். என்ன பாத்தே, அத சொல்லு."

தென்றல் கையைப் பிசைந்தது.

"சார், நான் முதல் ஷிப்ட்ல அந்த டேபிள் பக்கத்துல உக்காந்து பாத்தேன். தப்பு பீஸ் கண்ணுல படாம விட்டுப்போனது ரொம்ப கம்மி. அப்பறம் பர்மிஷன் கேட்டு ரெண்டாம் ஷிப்ட்லயும் உக்காந்தேன். அதே டேபிள், அதே மாதிரி பீஸ். சாயங்காலம் வரைக்கும் சரியா போச்சு. இருட்டின அப்பறம் விட்டுப்போறது ஜாஸ்தியாச்சு. சூப்பர்வைசர் சார், அந்த டேபிள்ல உக்கார்ற அக்காவுக்குக் கண்ணு சரியில்லன்னாரு. ஆனா அந்த அக்கா லீவு போட்டு வேற ஆள் உக்காந்தப்பவும் அப்படியேதான் சார் ஆச்சு."

"அப்புறம்?"

"நான் அந்த ஸ்டூல்ல உக்காந்து பாத்தேன் சார். பகல்ல பக்கத்து ஜன்னல் வெளிச்சம் வருது. இருட்டினா மேல இருக்கற லைட்டு மட்டும்தான். அது பின்னாடி கீது. குனிஞ்சு பாத்தா நம்ம தலை நெழலும் கை நெழலும் சரியா அந்தக் கனெக்டர் மேலதான் விழுது. இடைவெளி தெரியவே மாட்டேங்குது. யாரு உக்காந்தாலும் தெரியாது சார். டேபிள் ஓரத்துல சின்னதா ஒரு விளக்கு வச்சா போதும்னுதான் முடிவுரையில எழுதினேன்."

திருமலை சார் கவிழ்த்திருந்த தாளை நிமிர்த்திப் படித்தார். தலையை மட்டும் அசைத்தார்.

"பக்கத்த மாத்திட்டு நாலு மணிக்குள்ள குடு. அடுத்த தடவ கடைல குடுத்தாலும் பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி நீ ஒருவாட்டி படி. உன் பேர்ல வர்றது." பிறகு மெர்சியைப் பார்த்தார். "நீங்களும் எதையும் எடுக்காதீங்கம்மா. கோடு போட்டுக் காட்டுங்க, போதும்."

மெர்சி சாரைப் பார்க்கவே இல்லை. தென்றலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வாங்கக்கா, நேரமாவுது" என்று அந்தப் பெண்தான் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பைரலின் முனையைப் பிளேயரால் நிமிர்த்தி, சுழற்றிக் கழற்றினாள். பழைய நான்காம் அத்தியாயத்தை உருவினாள். புதியதைச் செருகுமுன், 4.3ஐ முகத்துக்கு நேராகப் பிடித்து மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். இரண்டாவது பிரதியிலும் படித்தாள். மூன்றாவதிலும் படித்தாள். தென்றல் மணி பார்த்தது. ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

"அந்த லைட்டு எந்தப் பக்கம் கீதுன்ன?"

"பின்னாடிக்கா. ஸ்டூல்ல உக்காந்தா வலது தோளுக்கு மேல."

மெர்சி தன் வலது தோளைத் திரும்பிப் பார்த்தாள், அங்கே இன்னும் ஏதோ தொங்கிக்கொண்டிருப்பது போல.

"நான் உக்காந்தப்பவும் அங்கதான் இருந்துச்சு" என்றாள்.

ஸ்பைரலைச் சுற்றி முடித்தாள். கடைசி முனையை மடக்க வேண்டும். எத்தனையோ ஆயிரம் முறை செய்த வேலை. கண்ணில் நீர் நின்றதால் முனை தெரியவில்லை. தென்றல் எதுவும் கேட்காமல் பிளேயரை வாங்கி, முனையை மடக்கி, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியது.